காகிதச் சுருளும் நெஞ்சின் ஓசையும்

ஹௌராவிலோ, தாதரிலோ, கரோல் பாகிலோ குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு இருமல். பேரன் அவரை அடுத்த தெருவிலுள்ள டாக்டரிடம் அழைத்துச் செல்கிறான். "நெஞ்சிலே கபம் கட்டிக்கொண்டு கரகரக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, விலாவிலே குத்துகிறது" என்று பாட்டி சொல்லிக்கொண்டே போகிறார். பேரன் அதை இந்தியிலோ வங்காளியிலோ இரண்டே சொற்களில் சுருக்கிவிடுகிறான். கரகரப்புக்கும் குத்தலுக்கும் அவனுக்கு வேற்றுமொழியில் சொல் அகப்படவில்லை. டாக்டர் தலையை அசைத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு பாட்டியின் முதுகில் வைக்கிறார். மூச்சை இழுத்து விடும்படி கையால் சைகை காட்டுகிறார். அடுத்த சில நிமிஷங்களுக்கு மொழிபெயர்ப்புக்கு வேலை இல்லை. நெஞ்சு தானே பேசுகிறது.

நோயாளியின் வாய்ச்சொல்லைக் கடந்து, உடம்பின் சொல்லை நேராகக் கேட்கும் இந்தப் பழக்கம் வைத்தியத் தொழிலின் வயதோடு ஒப்பிட்டால் மிகவும் இளையது. அது பாரிஸ் நகரத்தில் 1816-ஆம் ஆண்டு, நூலால் கட்டிய ஒரு காகிதச் சுருளிலிருந்து பிறந்தது. அந்தச் சுருளை உருட்டியவரும் தம் தாய்மண்ணை விட்டுத் தலைநகருக்குப் பிழைக்க வந்த ஒருவர்தாம்.

அதற்கு முன் ஐரோப்பிய வைத்தியர் ஒருவர் நெஞ்சு நோயை எப்படி அறிந்தார்? பெரும்பாலும் கேள்வி கேட்டுத்தான். எப்பொழுது தொடங்கிற்று, எங்கே வலிக்கிறது, சளி என்ன நிறம், இரவில் வியர்க்கிறதா என்று விசாரிப்பார். நாக்கைப் பார்ப்பார், நாடியைப் பிடிப்பார், சிறுநீரைக் கண்ணாடிக் குப்பியில் ஏந்தி வெளிச்சத்தில் நோக்குவார். தொலைவிலுள்ள செல்வர் ஒருவர் தம் நோயின் வரலாற்றைக் கடிதமாக எழுதி அனுப்ப, வைத்தியர் அவரைப் பார்க்காமலே மருந்தை எழுதி அனுப்புவதும் அக்காலத்தில் சாதாரணம். நோய் என்பது நோயாளி சொல்லும் கதை. வைத்தியர் அந்தக் கதையைப் படிக்கத் தெரிந்தவர். அவ்வளவே.

உடம்பையே தட்டிப் பார்க்கலாம் என்று கண்டவர் வியன்னாவில் இருந்த ஆவென்புருக்கர். அவர் கிராட்ஸ் நகரத்து விடுதிக்காரர் ஒருவரின் மகன். பீப்பாயை விரலால் தட்டினால், திராட்சை ரசம் நிறைந்துள்ள பகுதி மந்தமாகவும் வெற்றிடம் கணீரென்றும் ஒலிக்கும். மனிதனின் மார்பும் அப்படியே ஒலிப்பதைக் கண்டு 1761-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். காற்று உள்ள நுரையீரல் அதிரும், நீர் தேங்கிய இடம் மந்தமாகும். அந்த நூலைக் கவனித்தவர் சிலரே. நெப்போலியனுடைய வைத்தியராகிய கார்விஸார் 1808-இல் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து விரிவுரையோடு வெளியிட்ட பிறகுதான் மார்பைத் தட்டிப் பார்க்கும் முறை பாரிஸ் மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வந்தது. அந்தக் கார்விஸாரிடம் பாடம் கேட்ட மாணவர்களில் ஒருவர் ரெனே லாயென்னெக்.

லாயென்னெக் 1781-இல் பிரான்ஸ் நாட்டின் மேற்குக் கோடியில், பிரிட்டனிப் பகுதியின் கெம்ப்பேர் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். தந்தையார் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்கக்கூடியவராக இல்லை. நாந்த் நகரில் வைத்தியராக இருந்த சிற்றப்பா அவரை வளர்த்துத் தொழிலிலும் ஈடுபடுத்தினார். 1801-இல் லாயென்னெக் பாரிஸுக்கு வந்தார். மெலிந்த சரீரம், அடிக்கடி இளைப்பு. புல்லாங்குழல் வாசிப்பதிலும் கடைசல் பட்டறையில் மரம் கடைவதிலும் அவருக்கு விருப்பம் மிகுதி. இந்த இரண்டையும் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றும் மரமும் ஒலியும் அவர் கையில் ஏற்கெனவே பழகியிருந்தவை.

பிரிட்டனிப் பகுதியின் நாட்டுப்புற மக்களுக்குப் பிரெஞ்சு தாய்மொழி அல்ல. பிரெத்தோன் என்பது அவர்கள் மொழி. பிரெஞ்சுக்கும் அதற்கும் உறவு மிகத் தொலைவு. 1814-இல் நெப்போலியனின் போர் பாரிஸ் வாசலுக்கே வந்தபோது, கட்டாயப் படையில் சேர்க்கப்பட்ட பிரெத்தோன் இளைஞர்கள் பலர் காயத்தோடும் விஷக் காய்ச்சலோடும் நகரத்து மருத்துவமனைகளில் கிடந்தார்கள். எங்கே நோகிறது என்று சொல்ல அவர்களுக்கு மொழி இல்லை. கேட்டு அறிய வைத்தியர்களுக்கும் இல்லை. லாயென்னெக் அவர்களை ஸல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஒன்றாகச் சேர்க்கச் செய்து, அவர்கள் மொழியிலேயே பேசிச் சிகிச்சை செய்தார். பேச்சை மட்டும் நம்பியிருக்கும் வைத்தியம், பேச்சு அற்றுப்போன இடத்தில் எவ்வளவு கையற்று நிற்கும் என்பதை அவர் கண்ணாரக் கண்டது அங்கேதான். அந்த அனுபவமே கருவியைத் தோற்றுவித்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளில் அவர் கண்டுபிடித்தது எதுவென்று பார்க்கும்போது, இதை ஒதுக்கிவிடவும் மனம் வருவதில்லை.

1816-இல் லாயென்னெக் பாரிஸில் நெக்கேர் மருத்துவமனையின் வைத்தியராக நியமனம் பெற்றார். அவ்வாண்டிலே ஓர் இளம் பெண்ணைப் பார்க்க நேர்ந்தது. இதய நோயின் பொதுக் குறிகள் அவளிடம் இருந்தன. உடல் பருத்திருந்தமையால் கையை வைத்துப் பார்த்தும், தட்டிப் பார்த்தும் தெளிவு உண்டாகவில்லை. எஞ்சிய வழி ஒன்றே. மார்பின் மேல் காதை நேராக வைத்துக் கேட்பது. இது புதிதன்று. பண்டைக் கிரேக்க வைத்திய நூல்களிலேயே இதைப் பற்றிய குறிப்பு உண்டு. லாயென்னெக்கின் நண்பர் பேல் என்பவரும் சில சமயங்களில் அப்படிக் கேட்பது உண்டு. ஆனால் இளம் பெண்ணின் மார்பில் ஆண் வைத்தியர் காதை அழுத்துவதை மரியாதை தடுத்தது.

அப்பொழுது அவருக்கு எல்லோரும் அறிந்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. நீண்ட உத்தரத்தின் ஒரு முனையில் காதை வைத்துக்கொண்டால், மறுமுனையில் குண்டூசியால் கீறும் ஓசை தெளிவாகக் கேட்கும். உடனே ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையைப் பெண்ணின் இதயப் பகுதியில் வைத்து, மறுமுனையில் தம் காதை வைத்தார். நேராகக் காதை வைத்துக் கேட்டதைக் காட்டிலும் தெளிவாக இதயத்தின் துடிப்புக் கேட்டது. அவர் வியந்தார், மகிழ்ந்தார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு சிறு விளக்கம். லூவர் அரண்மனை முற்றத்தில் சிறுவர்கள் ஒரு கட்டையின் இரு முனைகளிலும் நின்று ஊசியால் கீறி விளையாடினார்கள், அதைப் பார்த்தே லாயென்னெக்குக்கு இந்த யோசனை உதித்தது என்று பல பாடப் புத்தகங்களில் காணலாம். அழகான கதைதான். ஆனால் லாயென்னெக்கின் நூலில் சிறுவர்கள் வருவதில்லை. ஒலியைப் பற்றிய நினைவு மட்டுமே வருகிறது. கதை பின்னர் மற்றவர்களால் சேர்ந்தது.

மரியாதையின் பொருட்டுப் பிறந்த உபாயம் என்பதோடு விஷயம் முடிந்திருந்தால், அது ஒரு வைத்தியரின் சாமர்த்தியமாக மட்டுமே நின்றிருக்கும். ஆனால் லாயென்னெக் அந்தச் சுருளைக் கீழே வைக்கவில்லை. இதயத்தின் துடிப்பை இப்படிக் கேட்க முடியுமானால், மூச்சு, குரல், சளியின் அசைவு, நெஞ்சறையில் தேங்கிய நீர் ஆகிய யாவும் ஓசை தரவேண்டுமே என்று எண்ணினார். முதலில் சுருளையே திருத்தினார். காகிதத் தாள்களை மிக இறுக்கமாக உருட்டி, பசைக் காகிதத்தால் ஒட்டி, முனைகளை அரத்தால் தேய்த்துச் சமமாக்கினார். எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் மெல்லிய துளை ஒன்று எஞ்சியது. அதைக் குறையென்றுதான் முதலில் நினைத்தார். பிறகு பார்த்தால், இதயத் துடிப்பைக் கேட்கத் துளையில்லாத திண்ணிய தண்டு போதும், குரலைக் கேட்கத் துளை இன்றியமையாதது என்று தெரிந்தது. தற்செயலாக நின்ற துளை அவருக்கு ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

பின்பு பலவகைப் பொருள்களைச் சோதித்தார். கண்ணாடி, உலோகம், காற்றடைத்த மெல்லிய தோற்குழாய் எல்லாவற்றையும் முயன்றார். மிகக் கனமானவையும் மிக மென்மையானவையும் உதவவில்லை. காகிதம், பிரம்பு, இலேசான மரம் போன்ற நடுத்தரப் பொருள்களே ஓசையை நன்கு கடத்தின. இறுதியில் மரத்தில் நிலைத்தார். தம் கடைசல் பட்டறையில் தாமே கடைந்தார். ஏறக்குறைய ஓர் அடி நீளம், ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குறுக்களவு, நடுவே கால் அங்குலத் துளை. சட்டைப்பையில் கொண்டு செல்ல வசதியாக நடுவில் இரண்டாகக் கழற்றி மாட்டலாம். மார்பின் மேல் வைக்கும் முனை புனலைப் போலக் குடையப்பட்டிருந்தது. அக்குழிவில் பொருந்த ஒரு மர அடைப்பு உண்டு. மூச்சைக் கேட்கும்போது அடைப்பை எடுத்துவிட வேண்டும். இதயத்தையும் குரலையும் கேட்கும்போது பொருத்திக்கொள்ள வேண்டும். இதனை அவர் வெறுமனே 'உருளை' என்றுதான் அழைத்து வந்தார். பிறர் ஆளுக்கொரு பெயரைச் சூட்ட முற்பட்டதைக் கண்டு, தாமே கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து 'ஸ்டெதஸ்கோப்' என்று பெயரிட்டார். மார்பை நோக்குவது என்று பொருள். காதால் கேட்கும் கருவிக்குக் கண்ணின் தொழிலைச் சொல்லும் பெயர் அமைந்தது வேடிக்கைதான். ஆனால் லாயென்னெக்கின் நோக்கத்தை அது சரியாகவே சொல்கிறது. கேட்டதைக் கொண்டு அவர் உள்ளே பார்க்க விரும்பினார்.

எப்படிப் பார்த்தார் என்பதற்கு அவர் நூலில் வரும் ஒரு நிகழ்ச்சி நல்ல சான்று. ஆராய்ச்சியின் தொடக்க நாட்களில் ஒரு பெண் மருத்துவமனைக்கு வந்தாள். இலேசான காய்ச்சல், புதிதாய் வந்த இருமல். சாதாரணச் சளி நோய் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். அவள் வலப்பக்கத்துக் காறை எலும்பின் கீழே குழாயை வைத்துப் பேசச் சொன்னார். அவள் குரல் வாயிலிருந்து வரவில்லை. நெஞ்சிலிருந்து நேராகக் குழாய் வழியே காதுக்குள் நுழைந்தது. அதுவும் ஓர் அங்குலச் சதுர அளவுள்ள இடத்தில் மட்டும். குழாயைச் சற்று நகர்த்தினால் வெறும் அதிர்வுதான்.

காரணம் விளங்கவில்லை. மருத்துவமனையில் இருந்த நோயாளிகளில் பெரும்பாலோரை அவ்வாறே பேசச் சொல்லிக் கேட்டார். ஏறக்குறைய இருபது பேரிடம் அதே விசித்திரம் தென்பட்டது. அவர்களில் மிகுதியானவர்கள் முற்றிய க்ஷயரோகிகள். சிலர் இறந்தபோது பிரேதப் பரிசோதனை செய்தார். குரல் கேட்ட அதே இடத்தில், நோயால் அரிக்கப்பட்டு மூச்சுக் குழலோடு தொடர்பு கொண்ட ஒரு குழிவு நுரையீரலில் இருந்தது. பஞ்சுபோன்ற நல்ல நுரையீரல் குரலை மழுக்கிவிடும். காற்று நிறைந்த குழிவோ அதை அப்படியே மார்புச் சுவருக்குக் கொண்டுவந்துவிடும். 'மார்பு பேசுதல்' என்னும் பொருளில் இந்தக் குறிக்கு அவர் பெயரிட்டார். உயிரோடு இருப்பவரின் நுரையீரலில் உள்ள குழியைக் காதால் கண்டறிவதற்கு இதற்கு முன் எந்த வைத்தியரிடமும் வழி இல்லை.

காதை நேராக வைப்பதற்கும் குழாய்க்கும் உள்ள வேற்றுமையும் இதிலேயே விளங்குகிறது. காது பெரிய பரப்பிலிருந்து வரும் ஓசைகளை ஒன்றாகக் கலந்து வாங்கிக்கொள்கிறது. குழாயோ சிறிய ஓரிடத்தை மட்டும் பிரித்துக் காட்டுகிறது. மரியாதைக்காகத் தேடிய உபாயம், இடம் சுட்டும் கருவியாகவும் அமைந்துவிட்டது.

நெக்கேரில் லாயென்னெக் கையாண்ட முறை கருவியைவிடக் கடினமானது. நோயாளியின் அருகில் நின்று தாம் கேட்டதை மாணவர் எழுதிக்கொள்ளும்படி இலத்தீனில் சொல்வார். நோயாளிக்குப் புரிந்து கலங்கக் கூடாது என்பது ஒரு காரணம். உள்ளே இன்ன இடத்தில் இன்ன மாறுதல் உள்ளது என்று நோயின் நிர்ணயமும் தாளில் ஏறிவிடும். நாள்தோறும் கேட்டு, தேவையானால் திருத்துவார். நோயாளி குணமடைந்தால் நல்லது. இறந்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு உடலைத் திறந்து பார்ப்பார். எழுதியது சரியா, தவறா என்பதற்கு உடலே சாட்சி. தவறு என்றால் மறைக்க இடமில்லை, மை உலர்ந்துவிட்டது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இப்படி உழைத்து, 1819-இல் இரண்டு பாகங்களாகத் தம் நூலை வெளியிட்டார். நூலோடு மரக் குழாய் ஒன்றையும் சிறு தொகைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

அந்நூலை எழுதுகையில் அவருக்கு நேர்ந்த பெரிய இடர்ப்பாடு, சொல் இல்லாமை. இதுவரை எவரும் கேளாத ஓசைகளுக்கு எந்த மொழியில் பெயர் இருக்கும்? ஆகவே உலகத்திலுள்ள ஓசைகளை உவமையாகத் தேடினார். இதயத்தின் ஒரு வகை அதிர்வுக்குப் பூனையின் உறுமலைச் சொன்னார். நெஞ்சறையில் அளவாக நீர் தேங்கியிருக்கும்போது, தோள்பட்டை எலும்பின் ஓரமாகக் குழாயை வைத்தால் நோயாளியின் குரல் நடுங்கி, மூக்கொலியோடு, ஆடு கத்துவதுபோல் கேட்கும். அதற்கு 'ஆட்டுக் குரல்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் வைத்தார். நீர் மிகுந்துவிட்டால் ஆட்டுக் குரல் மறையும். நீர் வற்றும்போது மீண்டும் வரும்.

நுரையீரலில் எழும் கரகரப்புகளுக்குப் பிரெஞ்சில் மரணத் தறுவாயில் தொண்டையில் எழும் இழுப்பைக் குறிக்கும் சொல்லையே முதலில் எடுத்தாண்டார். ஆனால் நோயாளியின் கட்டிலருகே அச்சொல்லை உச்சரித்தால் அவர் தமக்கு முடிவு வந்துவிட்டதென்று நடுங்குவார் அல்லவா? ஆகவே நோயாளி முன்னிலையில் இலத்தீன் சொல்லை வழங்கினார்.

நிமோனியாக் காய்ச்சலை அவர் குழாயின் வழியே பின்தொடர்ந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஒருவருக்குக் குளிரோடு கடுங்காய்ச்சல், விலாவில் குத்தல். முதுகின் அடிப்பகுதியில் குழாயை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், இழுப்பின் முடிவில் நுண்ணிய படபடப்புக் கேட்கிறது. உப்பைச் சட்டியில் இட்டு மெல்லச் சூடாக்கும்போது பொரியுமே, அந்த ஓசை. அவர் கொடுத்த உவமை அதுதான். ஒட்டிக்கொண்ட மிகச் சிறிய காற்றுவழிகள் மூச்சு உள்ளே வரும்போது பட்டெனத் திறந்துகொள்வதால் இவ்வோசை எழுகிறது என்பது இன்றைய விளக்கம். லாயென்னெக் காற்று திரவத்தில் குமிழியிடுவதாக எண்ணினார்.

நோய் முற்றும்போது நுரையீரலின் அப்பகுதி காற்றே நுழையாமல் கெட்டிப்பட்டு, ஈரலைப்போல் ஆகிவிடுகிறது. உப்புப் பொரியும் ஓசை நின்றுபோகிறது. தட்டினால் மந்தம். பெரிய மூச்சுக் குழல்களில் காற்று ஓடும் ஓசை மட்டும் கெட்டிப்பட்ட சதையின் வழியே உரக்க, குழாயில் ஊதுவதுபோல் கேட்கிறது. படபடப்பு நின்றதைக் கண்டு நோயாளி தேறிவிட்டார் என்று மகிழும் வைத்தியர் ஏமாந்துபோவார். நோயாளி தேறத் தொடங்கும்போது நடப்பது வேறு. கெட்டிப்பட்ட இடம் இளகி, காற்று மறுபடி நுழைகிறது. மறைந்த படபடப்புத் திரும்பி வருகிறது. 'திரும்பி வரும் பொரியொலி' என்று அதை அவர் பிரித்துச் சொன்னார்.

ஓசை ஒன்றுதான். ஆனால் முதல் நாளில் அது நோயின் வரவு. பத்தாம் நாளில் அதுவே நோயின் செலவு. ஒரே ஒரு முறை குழாயை வைத்துக் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு இந்த வேற்றுமை ஒருநாளும் தெரியாது. நேற்று என்ன கேட்டது என்ற குறிப்பு வேண்டும். நோய் என்று தொடங்கியது என்பதும் தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் நோயாளியே. ஆகவே பாட்டியின் பேச்சு வீணாகிவிடவில்லை. லாயென்னெக்கின் குறிப்புகளிலும் நோயாளி சொன்ன வரலாறு முதலில் வருகிறது, ஓசைகள் அதன் பின்னரே வருகின்றன. பின்வந்த சிலர் இந்த வரிசையை மறந்து, குழாயை வைத்தவுடன் நோயாளி வாய் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டார்கள். அக்குறை கருவியைச் சார்ந்ததன்று.

குழாயைக் கையாளுவதிலும் பிழைகள் உண்டு. எழுதுகோலைப் பிடிப்பதுபோல் நுனிக்கருகில் பிடித்து, மார்பில் சரிசமமாகப் பதிய வைக்க வேண்டும் என்றார் லாயென்னெக். ஒருபுறம் சாய்ந்தால் இடையில் புகும் காற்று ஓசையைக் கெடுத்துவிடும். பட்டுத்துணி உராய்ந்தால் சரசரப்பு எழும். மார்பிலுள்ள மயிர் குழாயின் விளிம்பில் உரசும் ஓசை, அப்படியே உப்புப் பொரிவது போலிருக்கும். இன்றும் இளம் டாக்டர்கள் அதைக் கேட்டு நிமோனியா என்று மயங்குவது உண்டு. கருவியை இன்னும் கொஞ்சம் அழுத்தினாலோ, மயிரை நீரால் நனைத்தாலோ மறைந்துவிடுமானால் அது வெளியில் எழுந்த ஓசை. உள்ளே எழுவதாயின் மறையாது.

லாயென்னெக் எல்லாவற்றையும் சரியாகவே சொல்லிவிட்டார் என்றும் எண்ண வேண்டாம். இதயத்தின் 'லப்-டப்' ஓசையில் இரண்டாவது ஒலி, மேலறைகள் சுருங்குவதால் எழுவது என்று நம்பினார். அது தவறு. வால்வுகள் மூடிக்கொள்வதோடு அவ்வொலிகளுக்குத் தொடர்பு உண்டு என்பது அவர் மறைந்த பின்னர், 1830-களில்தான் தெளிந்தது. ஒவ்வோர் ஓசையும் ஒரு குறிப்பிட்ட நோய்க்கே உரியது என்று அவர் சில இடங்களில் அளவுக்கு மீறி வற்புறுத்தினார். வியன்னாவில் ஸ்கோடா என்பவர் 1839-இல் அதைத் திருத்தினார். குழாய் நோயின் பெயரைச் சொல்லாது, உள்ளே காற்று உண்டா, நீர் உண்டா, கெட்டியா, குழிவா என்பதை மட்டுமே சொல்லும், நோயின் பெயரை வைத்தியர் தாம் யோசித்து அறிய வேண்டும் என்பது அவர் வாதம். அவர் கூறியதே நிலைத்தது.

புதிய கருவியை எல்லோரும் கைநீட்டி வாங்கிக்கொள்ளவும் இல்லை. பாரிஸிலேயே எள்ளி நகையாடியவர்கள் இருந்தார்கள். 1821-இல் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜான் ஃபோர்ப்ஸ் என்பவரே, இது நல்ல கருவிதான், ஆனால் நேரமும் பொறுமையும் மிகுதியாகக் கேட்கும் இதனை வைத்தியர்கள் பொதுவாக ஏற்பது ஐயமே என்று தம் முன்னுரையில் எழுதினார். பல நாட்டு மாணவர்கள் பாரிஸுக்கு வந்து கற்றுச் சென்றதால் அவர் ஐயம் பலிக்கவில்லை.

அதே 1821-இல் லாயென்னெக்கின் நண்பரும் பிரிட்டனிக்காரருமான கெர்கராதெக், கருவுற்ற பெண் ஒருத்தியின் வயிற்றில் குழாயை வைத்தார். குழந்தை அசையும்போது உள்ளிருக்கும் நீர் சலசலப்பது கேட்குமா என்று பார்ப்பது அவர் எண்ணம். சலசலப்புக்குப் பதிலாகக் கைக்கடிகாரம் ஓடுவது போன்ற விரைந்த துடிப்பொன்று கேட்டது. எண்ணிப் பார்த்தார். நிமிஷத்துக்கு 140-க்கு மேல். தாயின் நாடியோ அதில் பாதியளவே. குழந்தையின் இதயத்தைத்தான் கேட்கிறோம் என்பது அவருக்கு விளங்கிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜெனீவாவில் ஒருவர் வெறுங்காதால் கேட்டிருக்கிறார். ஆனால் அதனைப் பிரசவ வைத்தியத்தில் பயனுள்ள குறியாக நிறுத்தியவர் கெர்கராதெக்தான். நம் நாட்டுக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியர்கள் கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் கேட்கும் சிறிய ஊதுகுழல் போன்ற கருவி, லாயென்னெக்கின் உருளைக்கு நேர் வாரிசு. அதற்கு ரப்பர் இல்லை, இரண்டு காதுமுனைகளும் இல்லை.

இரண்டு காதுகளிலும் மாட்டிக்கொள்ளும் வடிவம் பின்னால் வந்தது. 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் ஆர்தர் லியார்ட் என்பவர் ஒரு மாதிரியைக் காட்டினார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் காமன் என்பவர் வழக்கத்துக்கு உகந்ததாக ஒன்றைச் செய்தார். இன்று டாக்டர்களின் கழுத்தில் தொங்குவது அந்த மரபில் வந்ததே.

மரக் குழாய் லாயென்னெக்குக்கு நோயை அறியும் வழியைத் தந்தது. தீர்க்கும் வழியைத் தரவில்லை. க்ஷயரோகத்தின் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்தது 1882-இல். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைஸின் கிடைத்தது 1943-இல். அதுவரை, குழியின் மேல் வைத்த குழாயில் குரல் தெளிவாகக் கேட்பது வைத்தியருக்குத் தெரியும். அதற்கு மேல் செய்யத்தக்கது அதிகம் இல்லை. அவர் நண்பர் பேல், காகிதச் சுருள் பிறந்த அந்த 1816-ஆம் ஆண்டிலேயே க்ஷயரோகத்தால் இறந்தார்.

நூல் வெளிவந்த கையோடு லாயென்னெக்கின் உடல் தளர்ந்தது. பாரிஸை விட்டுப் பிரிட்டனிக்குப் போய்ச் சில காலம் தம் நிலத்தில் தங்கினார். தேறித் திரும்பினார். 1822-இல் பாரிஸில் பேராசிரியர் பதவி கிடைத்தது. பல நாட்டு மாணவர்கள் சூழ, காலையில் கட்டில் கட்டிலாய்க் குழாயோடு சென்றார். நூலை முற்றும் திருத்தி இரண்டாம் பதிப்பை 1826-இல் முடித்தபோது காய்ச்சலும் இருமலும் அவரை விடவில்லை. தமக்கு என்ன நோய் என்று அவர் நெடுநாள் ஒப்புக்கொள்ளவில்லை. வைத்தியராக இருந்த தம் உறவுப் பிள்ளை மெரியாதெக்கை அழைத்து, தம் மார்பில் குழாயை வைத்துக் கேட்டதைச் சொல்லும்படி கேட்டார் என்பார்கள். இளைஞர் சொன்ன ஓசைகளின் பெயர்கள் யாவும் லாயென்னெக் தாமே வைத்தவை. அவற்றின் பொருளை அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மீண்டும் பிரிட்டனிக்குத் திரும்பினார். 1826 ஆகஸ்டு 13-ஆம் தேதி, தம் 45-ஆம் வயதில், கெர்லுவார்னெக் என்னும் தம் நாட்டுப்புற வீட்டில் காலமானார். உயிலில் தம் மரக் குழாயை மெரியாதெக்குக்கு எழுதி வைத்திருந்தார்.